இட்லி மாவு பொங்கும் விதம்

காலைச் சிற்றுண்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, வாழையிலையில் ஆவி பறக்கும் நான்கு இட்லியும், பக்கத்தில் ஒரு முறுகல் தோசையும், இரண்டு வகைச் சட்னியும்தான். உண்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்த இலைக்குரிய வேலை முதல் நாள் நண்பகலிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வேலையில் பெரும்பகுதியை மனிதர் செய்வதில்லை. நாம் உறங்கும்போது மாவுப் பானைக்குள் வேறு சிலர் செய்கின்றனர். அவர்கள் யார், அவர்களுக்கு நாம் என்ன உதவி செய்ய வேண்டும், அவர்கள் வேலை செய்யாது போனால் எப்படி அறிவது என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம்.

இதைச் சமையலறை வேடிக்கையாக எண்ணிவிடக் கூடாது. காரைக்காலின் வடகோடியில் உள்ள மண்டபத்தூர் போன்ற கடற்கரை ஊரில், படகில் போகிறவர்களும் மீன் விற்கக் கிளம்புகிறவர்களும் விடியும் முன்பே பசியாற வேண்டியவர்கள். அவ்வூரில் ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இரவு மாவு பொங்கவில்லையென்றால், மறுநாள் காலை அவருக்கு வரவு இல்லை. ஐந்து கிலோ தானியமும் பழுதாகும். ஆகவே நம் கணக்கையெல்லாம் அந்தத் திண்ணைக் கடைக்கே போட்டுப் பார்ப்போம்.

முதலில் தானியங்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். இட்லிக்கு வேண்டியவை அரிசியும் உளுந்தும் ஆகும். நம் காவிரிக் கழிமுகத்தில் இவ்விரண்டும் ஒரே வயலில் விளைகின்றன. தை மாதத்தில், சம்பா அறுவடைக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் ஈரச் சேற்றில் உளுந்தை விதைத்துவிடுவர். நெல்லை அறுத்த பின், தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும். அதற்குத் தனியாக உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் இரவுப் பனியிலும் வளர்ந்து பங்குனி வாக்கில் காய்த்துவிடும். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த வழக்கத்துக்கென்றே உளுந்து வகைகளை வெளியிட்டிருக்கிறது. அதே நிலையத்தின் ஆடுதுறை 37 என்னும் குட்டையான, பருத்த நெல்லின் புழுங்கலரிசியைத்தான் இன்று பல கடைகளில் இட்லி அரிசி என்று விற்கின்றனர்.

அரிசியும் உளுந்தும் சேர்ந்தே இட்லி என்று நாம் எண்ணுகிறோம். எனினும் பழைய நூல்களில் அப்படி இல்லை. கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டில் எழுந்த 'வட்டாராதனை' என்னும் நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் வருகிறது. சுமார் 1025-இல் எழுதப்பட்ட 'லோகோபகாரம்' என்ற நூல் உளுந்தை மோரில் ஊறவைத்து அரைக்கும்படி கூறுகிறது. அந்தப் பண்டத்தில் அரிசியைக் காணோம். அரிசி பிற்காலத்தில் வந்து சேர்ந்து, அளவில் உளுந்தை மிஞ்சிவிட்டது. இருப்பினும் இட்லியின் உயிர் இன்றும் உளுந்தில்தான் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

மாவைப் பொங்க வைப்பது யார்? ரொட்டி உப்புவது ஈஸ்டினால் என்பதை நாம் அறிவோம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு ரொட்டி புதியதன்று. அதனால் இட்லி மாவிலும் ஈஸ்டுதான் வேலை செய்கிறது என்று பலரும் எண்ணுவது இயல்பே. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தில் முகர்ஜி, ஸ்டீன்க்ராஸ் முதலிய ஐவர் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். (இந்த ஜெனீவா சுவிட்சர்லாந்தில் உள்ளதன்று; நியூயார்க் மாநிலத்து ஊர்.) இட்லி மாவைப் பொங்கச் செய்வது 'லூகனாஸ்டாக் மெசன்டிராய்டிஸ்' என்னும் பாக்டீரியா என்பதே அவர்கள் கண்ட முடிவு. பெயர் நீண்டிருந்தாலும் ஆள் நமக்குப் பழக்கமானவரே. நாம் வாங்கும் பருப்பிலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே அவர் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ரொட்டிக்குப் போல் வெளியிலிருந்து எதையும் விலைகொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.

தானியம் ஊறும்போதே இந்த நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்குகின்றன. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு இரண்டு பொருள்களை உண்டாக்குகின்றன. ஒன்று கரியமில வாயு. அதனால் மாவு மேலெழும்புகிறது. மற்றொன்று லாக்டிக் அமிலம். அதனால் மாவு புளிக்கிறது. முதலில் பொங்குதலும் சிறிது பின்னே புளிப்பும் முன்னேறுகின்றன. நேரம் ஆக ஆக, புளிப்பைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்துப் புளிப்பை இன்னும் கூட்டுகின்றன. நன்கு பொங்கியும் மிதமாகவே புளித்தும் இருக்கும் வேளை ஒன்று உண்டு. கடைக்காரர் பிடிக்க வேண்டியது அந்த வேளையைத்தான்.

வாயு உண்டானால் மட்டும் போதாது. அதைப் பிடித்து வைக்கவும் ஒருவர் வேண்டும். சோடாப் புட்டியைத் திறந்தால் வாயு போய்விடுகிறதல்லவா? ரொட்டியில் கோதுமையின் பசைத்தன்மையுள்ள புரதம் வாயுவைச் சிறைப்பிடிக்கிறது. அரிசியில் அத்தகைய புரதம் இல்லை. வெறும் அரிசி மாவைப் புளிக்க வைத்தால் குமிழி வந்து வந்து உடையுமே தவிர, மாவு எழும்பி நிற்காது. அந்தப் பணியை உளுந்து ஏற்றுக்கொள்கிறது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் சுசீலம்மா, ராவ் என்னும் இருவர் 1970-களில் இதை ஆராய்ந்தனர். உளுந்திலுள்ள ஒரு புரதம் சோப்பு நுரையைப் போல் நுரையை உண்டாக்குகிறது என்றும், கூடவே உள்ள வழவழப்பான மாவுச்சத்துப் போன்ற பொருள் அந்த நுரை உடையாமல் தாங்குகிறது என்றும் காட்டினர். உளுந்தை அரைக்கும்போது கையில் வழவழவென்று இழுபடுவது இப்பொருள்தான். பயற்றம்பருப்பிலோ கடலைப்பருப்பிலோ இந்த வழவழப்பு இவ்வளவு இல்லை. உளுந்துக்குப் பதில் அவற்றைப் போட்டால் இட்லி கனத்துப் போவதன் காரணம் இதுவே.

இதைத் தெரிந்துகொண்டால், நம் பாட்டிமார் சொல்லும் விதிகளுக்கெல்லாம் பொருள் விளங்கும். உளுந்தைத் தனியாக அரைக்க வேண்டும் என்பார்கள். நுரை கட்ட வேண்டியது அதுவல்லவா! குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, முப்பது நிமிடமாவது கல்லில் ஓடவிட்டால், உளுந்து காற்றை வாங்கிப் பல மடங்கு உப்பிப் பஞ்சுபோல் வெளுக்கும். மாவு பதமாயிற்றா என்று பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு உளுந்து மாவை விட வேண்டும். மிதந்தால் பதம்; மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி, நுரையும் சரியாகக் கட்டுவதில்லை. வீட்டுக்கு நான்கு இட்லி என்றால் மிக்ஸி போதும். கடைக்குக் கல் கிரைண்டரே ஏற்றது என்பது எங்கள் கருத்து. அரிசியை இதற்கு மாறாக மையாக அரைக்கக் கூடாது; மெல்லிய ரவைபோல் விரலில் நெருட வேண்டும். அந்த நெருநெருப்பே இட்லிக்குப் பூப்போன்ற உடைவைத் தருகிறது. ஓராண்டு பழமையான உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் மிதக்காது. ஆகவே பங்குனி, சித்திரையில் புது உளுந்து வந்தவுடன் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்வதும், ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பிடி கூட்டிக்கொள்வதும் அனுபவசாலிகள் வழக்கம்.

இனி நம் மண்டபத்தூர்க் கடைக்குக் கணக்குப் போடுவோம். காலையில் அறுபது பேர் வருவர், ஆளுக்கு நான்கு இட்லி எனில் மொத்தம் 240 இட்லி வேண்டும். ஒரு கிலோ புழுங்கலரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் நடுத்தர அளவில் ஏறக்குறைய 60 இட்லி வரும். எனவே நான்கு கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து, இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம் தேவை. அரைத்த மாவு தண்ணீருடன் சேர்ந்து சுமார் 12 லிட்டர் இருக்கும். அது ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால் பாத்திரத்தில் பாதியளவே ஊற்ற வேண்டும். இரண்டு பாத்திரமாகப் பிரித்து வைப்பது நல்லது. இல்லாவிடில் விடியற்காலையில் மாவு தரையில் ஓடும்.

அடுத்தது நேரக் கணக்கு. இதைப் பின்னோக்கிப் போட வேண்டும். ஆறு மணிக்கு முதல் இலை விழ வேண்டுமெனில், ஐந்தே கால் மணிக்கு மாவு தயாராக இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் நம் கடற்கரையில் இரவிலும் புழுக்கம் குறைவதில்லை; மாவு எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஆகவே இரவு ஒன்பது மணிக்குக் கரைத்து வைத்தால் போதும். அரைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். எனவே ஏழரை மணிக்குக் கிரைண்டரைப் போட வேண்டும். அரிசி ஐந்து மணி நேரம் ஊற வேண்டுமாகையால் பிற்பகல் இரண்டரைக்கும், உளுந்து இரண்டரை மணி நேரம் ஊற வேண்டுமாகையால் ஐந்துக்கும் நீரில் போட வேண்டும். மார்கழியிலோ அதே மாவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் தேவைப்படும். மாலை நான்கு மணிக்கே கரைத்து வைத்தாக வேண்டும். அப்படியானால் அரிசியைக் காலை ஒன்பதரைக்கே ஊறப்போட வேண்டும். நாள்காட்டியைப் பார்க்காமல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் அரைப்பவர்கள்தாம் மார்கழியில் கல் இட்லியும் வைகாசியில் புளித்த இட்லியும் விற்கிறார்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்பு நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கும். ஆதலால் வெயில் காலத்தில் கரைக்கும்போதே உப்பைப் போட்டு அடக்குவதும், குளிர் காலத்தில் பொங்கிய பிறகு போடுவதும் உண்டு. கடற்கரை ஊர்களில் சில கிணற்று நீர் உவர்ப்பாயிருக்கும். அதில் அரைக்கிறவர் உப்பைக் கண்ணளவில் போடாமல் மாவை நாவில் வைத்துப் பார்த்தே போட வேண்டும். கையால் கரைக்க வேண்டும் என்ற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. கையின் வெதுவெதுப்பும் சீரான கலவையும் உதவலாம். ஆனால் நுண்ணுயிர் ஏற்கெனவே தானியத்தில் இருப்பதால், சுத்தமான கரண்டியால் கரைத்தாலும் மாவு பொங்கும்.

காலையில் எழுந்து மாவைப் பார்க்கும்போது, அதைக் கலக்கிவிடக் கூடாது. இரவெல்லாம் சேர்ந்த வாயு ஒரு நொடியில் போய்விடும். ஓரத்திலிருந்து கரண்டியால் மெல்ல வெட்டி எடுத்து, ஈரத்துணி விரித்த தட்டில் ஊற்ற வேண்டும். அதற்கு முன்பே கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி வந்திருக்க வேண்டும். இது மிக முக்கியம். ஆவியின் சூடு பட்டவுடன் குமிழிகள் விரிகின்றன. அதே சமயம் உளுந்தின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் வெந்து இறுகி, விரிந்த குமிழிகளை அப்படியே நிறுத்துகின்றன. ஆவி மந்தமாயிருந்தால், இறுகுவதற்கு முன்பே வாயு தப்பிவிடும். நல்ல மாவும் தட்டை இட்லியாகும். ஓர் ஈடு வேக பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். நாற்பது இட்லி கொள்ளும் கொப்பரையில் 240 இட்லிக்கு ஆறு ஈடு. தட்டு மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இறக்கியவுடன் எடுத்தால் துணியில் ஒட்டும். இரண்டு நிமிடம் ஆறவிட்டு, துணியின் மேல் நீர் தெளித்து உரித்தால் பிசிறின்றி வரும்.

முதல் ஈட்டில் ஓர் இட்லியைச் சோதனைக்கென்று எடுத்து, கிழக்கு ஜன்னலருகே கொண்டுபோய் இரண்டாகப் பிட்டுப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் விழும் இளங்காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு துளையும் நிழலோடு தெரியும். தலைக்கு மேலுள்ள மின்விளக்கில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. துளைகள் சிறியனவாய், மேலும் கீழும் ஒரே சீராயிருந்தால் மாவு பதம். மேலே துளையும் அடியில் அடர்த்தியும் இருந்தால், மாவு நீர்த்துப்போய் அரிசி அடியில் படிந்துவிட்டது என்று பொருள். துளையே இல்லாமல், புளிப்பும் இல்லாமல் இருந்தால் மாவு இன்னும் பொங்கவில்லை. பாத்திரத்தை அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் இன்னும் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். துளையில்லாமல் புளிப்பு மட்டும் மிகுந்திருந்தால் நேரம் கடந்து மாவு அமுங்கிவிட்டது. அதை இட்லிக்கு மீட்க வழியில்லை, தோசைக்குத் திருப்பலாம். பல்லில் ஒட்டிப் பிசுபிசுத்தால் உளுந்து மிகுதி. மாவின் மேல் சிவப்போ கறுப்போ படர்ந்திருந்தாலும், புளிப்பு வாடைக்குப் பதில் அழுகல் வாடை வந்தாலும் சோதனையே வேண்டாம், கொட்டிவிட வேண்டும்.

தோசைக்கு மாவைக் கலக்கலாம், நீரும் சேர்க்கலாம். ஏனெனில் இங்கே உயரம் தேவையில்லை, முறுகலே தேவை. கொஞ்சம் கூடுதலாகப் புளித்த மாவே இதற்கு ஏற்றது. சூடான கல்லில் மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் கூடித்தான் அந்தப் பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. வெந்தயமும் இதற்குத் துணை செய்யும். கல்லில் தெளித்த நீர் உருண்டோடினால் சூடு அதிகம். அப்போது மாவு கரண்டியோடு சுருண்டு வரும். ஒரு கை நீரைத் தெளித்துத் துடைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்த பிறகே மாவை ஊற்ற வேண்டும்.

சட்னிக்கு வரும்போது எச்சரிக்கை அதிகம் வேண்டும். இட்லி மாவு தன் புளிப்பினாலேயே தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த அமிலத்தில் நோய்க்கிருமிகள் பலவும் தழைப்பதில்லை. தேங்காய்ச் சட்னிக்கு அந்தக் காப்பு இல்லை. பச்சைத் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், இஞ்சி, நீர் ஆகியவற்றை வேகவைக்காமல் அரைக்கிறோம். அது கிருமிகளுக்கும் விருந்தே. தாளித்துக் கொட்டுவது மணத்துக்கு உதவுமேயன்றிச் சட்னியைக் காக்காது. ஆகவே அறுபது பேருக்கான சட்னியை ஒரே தடவையில் அரைக்கக் கூடாது. ஐந்தரைக்குப் பாதியும், எட்டு மணிக்குப் பாதியுமாக அரைக்க வேண்டும். ஒரு முறை அரைப்பதற்கு மூன்று தேங்காய் போதும். முதல் பாத்திரத்தின் மிச்சத்தோடு இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே கெடும். பாத்திரத்தையும் மாற்றிவிட வேண்டும். பக்கத்தில் வைக்கும் வெங்காயம், தக்காளிச் சட்னி வதக்கிப் புளி சேர்த்தது. அது மத்தியானம் வரை தாங்கும். பத்து மணிக்குப் பிறகு வருகிறவருக்குத் தேங்காய்ச் சட்னி இல்லை என்று சொல்லும் கடைக்காரர் மீது கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் தொழில் தெரிந்தவர்.

கடைசியாக, இலை. வாழையிலையின் மேற்பரப்பில் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு உண்டு. அதனால் சட்னி ஊறிப்போவதில்லை. சுடச்சுட இட்லியை வைத்தவுடன் இலை வாடி, அதன் பச்சை மணம் ஆவியோடு எழுகிறது. தட்டின் மேல் ஒரு துண்டு இலையைப் போட்டுப் பரிமாறினால், தட்டைக் கழுவும் நீரிலும் பெரும்பகுதி மிச்சமாகும். நல்ல நீரைத் தூரத்திலிருந்து குடத்தில் சுமந்து வரும் கடற்கரை வீட்டில் அது சிறிய லாபமன்று. இலையை முதல்நாள் மாலையே வாங்கி, ஈரத்துணியால் துடைத்துச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். விடியற்காலையில் அறுபது துண்டாக நறுக்கி எண்ணி அடுக்கிவிட்டால், மாலையில் மிச்சமான துண்டுகளை எண்ணியே அன்று எத்தனை பேர் உண்டார்கள் என்று கணக்கும் பார்த்துவிடலாம்.